கருமாதிக் கணக்கு

போன மாதம் ஒரு நண்பரின் தகப்பனார் கருமாதிக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரும் நேரம். கொல்லைப்பக்கம் சத்தம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் மொட்டை அடித்த தலையோடு, உருமா கட்டிய துண்டு கூட அவிழ்க்காமல், பந்தல்காரருக்கு யார் பணம் கொடுப்பது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர் பாவம், அடுப்புக்குப் பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எங்கள் இலையில் பாயசம் ஆறிப்போனது. யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வரிசையில் இருந்த பாதிப் பேர் வீட்டில் இதே சண்டை ஒரு தடவையாவது நடந்திருக்கும் என்பதுதான் காரணம். என் வீட்டில் நடந்திருக்கிறது. அதில் கத்தியவன் நான்.

நாங்கள் நாலு பேர். அக்கா, நான், தங்கை, கடைசியாக ஒரு தம்பி. பாபநாசம் பக்கத்தில் கிராமம். அப்பா 1997இல் இறந்தார். நான் மூத்த மகன், வங்கி உத்தியோகம், ஊரிலும் கொஞ்சம் பெயர். அப்பாவுக்குக் குறை வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன். இரட்டை மேளம், பூப்பல்லக்கு, பதினாறாம் நாள் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. ஆபீஸ் சொசைட்டியில் கடன் வாங்கி 46,000 ரூபாய் செலவு செய்தேன். அந்தக் காலத்தில் அது என் ஐந்தாறு மாதச் சம்பளம்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில், திருப்பூரில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பியைக் கூப்பிட்டு, "உன் பாதி 23,000" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்து, "பல்லக்கு சொல்லும்போது என்னைக் கேட்டியாண்ணே?" என்றான். அவ்வளவுதான். பத்தாயிரம் கொடுத்தான். மீதி பதின்மூன்றாயிரம் பல வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. தீபாவளிக்கு வருவான், சாப்பிடுவான், போவான். ஆனால் உட்கார்ந்திருந்தது.

இதில் அவன் பக்கம் நியாயம் இருந்தது என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. செலவைப் பற்றி வரும் சண்டையில் முக்கால்வாசி தொகையைப் பற்றியது அல்ல. கேட்காமல் முடிவு செய்துவிட்டு, பில்லை மட்டும் பங்கு போடுவதைப் பற்றியது. முடிவில் பங்கு இல்லாதவனிடம் செலவில் பங்கு கேட்கக் கூடாது. இன்றைக்கு யார் என்னிடம் யோசனை கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்று தங்கை விஷயத்தில் நடந்தது. அப்பா இறந்த மூன்றாம் நாள், தங்கை கைக்குட்டையில் முடிந்து 5,000 ரூபாய் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். எங்கிருந்து புரட்டினாள் என்று நான் கேட்கவில்லை. "பொம்பளப் புள்ளகிட்ட காசு வாங்கி அப்பாவுக்குக் காரியம் பண்ற நிலைமையிலா இருக்கோம்?" என்று பெருமையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெரியப்பா கூடத் தலையை ஆட்டினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

2003இல் ஊர் வீட்டை விற்க வேண்டி வந்தது. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் கிடையாது. அப்படிப்பட்ட சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு என்பது 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. வங்கியில் வேலை பார்த்த எனக்கு இது தெரியாமல் இல்லை. இருந்தும் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயங்கியபோது, என் வாயில் வந்தது இது: "அப்பா கருமாதிக்கு ஒத்தப் பைசா போட்டியா?"

அவள் அழவில்லை. "கொண்டு வந்து குடுத்தேனே அண்ணே. நீதானே திருப்பிக் குடுத்தே" என்றாள்.

பிறகு அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துத்தான் பத்திரம் முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வியை நான் கேட்டது கேட்டதுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. பெண்பிள்ளையிடம் பணம் வாங்க மாட்டோம் என்பது பெருந்தன்மை போலத் தெரியும். அவளைக் கணக்கிலிருந்து வெளியே நிறுத்துகிற வேலை அது. கணக்கில் இல்லாதவளுக்குப் பேச்சிலும் இடம் இருக்காது. ஐந்து வருடமோ பத்து வருடமோ கழித்து, "நீ என்ன செய்தாய்?" என்று கேட்க அது வசதியாகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னமும் இதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கொள்ளி வைத்தவனுக்குச் சொத்தில் கூடுதல் பங்கு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. கருமாதிக்குச் செலவு செய்தவனுக்கும் இல்லை. அவன் கேட்கக்கூடியது செலவு செய்த பணத்தைத்தான், அதுவும் நியாயமான அளவுக்கு. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 320ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர், ஈமச்செலவையும் கடைசிக்கால வைத்தியச் செலவையும் மற்றக் கடன்களுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்கிறது. அதிலும் செலவு இறந்தவரின் தகுதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. என் பூப்பல்லக்கு அதில் தேறியிருக்குமா என்பது சந்தேகம். எங்கள் வீட்டுக்குச் சட்டம் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. ஆனால் அதில் உள்ள முறை வீட்டுக்கும் பொருந்தும். போனவருடைய பணம் இருந்தால் முதலில் அதை எடுத்து அவருக்குச் செலவழி. பிள்ளைகள் கைவிடுவது மீதிக்கு.

அம்மா 2014இல் இறந்தாள். கடைசி மூன்று வருடம் தங்கை வீட்டில்தான் இருந்தாள். விடியற்காலை நாலு மணிக்குத் தங்கை போன் செய்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தகராறு தயாராக இருந்தது.

முதல் தகராறு, காத்திருப்பதா வேண்டாமா என்பது. எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பது வழக்கம். இளையவன் அதற்குள் துபாய் போயிருந்தான். "பொணத்தைப் போட்டுக்கிட்டு எத்தனை நேரம்? மூத்தவன் வச்சா என்ன தப்பு?" என்று மாமா ஒருவர் தொடங்கினார். ஊரில் சாவு கிடக்கும்போது கோயில் நடை சாத்திக் கிடக்கும், தெருவில் அடுப்பு எரியாது. அவர் சொன்னதிலும் காரணம் இல்லாமல் இல்லை. நான் தம்பியிடமே கேட்டேன். "வருவியா" என்று கேட்கவில்லை. எந்தப் பிள்ளையும் வருவேன் என்றுதான் சொல்லும், டிக்கெட் கையில் இல்லாவிட்டாலும். "டிக்கெட் போட்டுட்டு, வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடியாதுன்னா நான் வைக்கிறேன். உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். சம்மதம் என்றான். இரண்டு மணி நேரத்தில் டிக்கெட்டைப் போனில் அனுப்பினான். திருச்சியில் இறங்கி மறுநாள் காலை பத்தரைக்கு வாசலுக்கு வந்துவிட்டான். அவன் வர முடியாமல் போயிருந்தாலும், அது அவன் ஒப்புக்கொண்ட முடிவாக இருந்திருக்கும். என்னை விட்டுவிட்டு எரித்துவிட்டார்கள் என்று ஆயுசுக்கும் சொல்லியிருக்க மாட்டான்.

இரண்டாவது, பணம். குளிர்பெட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், பந்தலுக்கு முன்பணம் வேண்டும், டீக்கடைக்குச் சொல்ல வேண்டும். இந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் எல்லாக் கணக்கும் கெடுகிறது. சட்டைப்பையில் கை விடுகிறவர் கொடுக்கிறார், எழுதி வைப்பதில்லை. நாலு பேர் நாலு பக்கம் கொடுத்துவிட்டு, பதினாறாம் நாள் ஆளுக்கு ஒரு தொகை சொல்வார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொல்வார்கள், கூட்டினால் மட்டும் சரியாக வராது.

அக்கா வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அத்தானைக் கூப்பிட்டு, "பணம் உங்க கையில மட்டும் இருக்கட்டும்" என்றேன். தங்கை கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "நீ எழுது" என்றேன். பணம் வைத்திருப்பவர் எழுதக் கூடாது, எழுதுகிறவர் கையில் பணம் இருக்கக் கூடாது. இது வங்கியில் காசாளருக்கும் கணக்கருக்கும் உள்ள விதி. சாவு வீட்டுக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. தங்கையிடம் நோட்டைக் கொடுத்ததற்கு எனக்கு வேறு காரணமும் இருந்தது. நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நோட்டில் இரண்டு பக்கம் பிரித்தோம். ஒன்று பொது, இன்னொன்று அவரவர் ஆசை. நாலு பேரும் சரி என்றால் அது பொது. ஒருவருக்கு மட்டும் வேண்டும், மற்றவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் அது ஆசை, அவரே கொடுக்க வேண்டியது. துபாயிலிருந்து தம்பி போனிலேயே, அம்மாவுக்குப் பூந்தேர் வேண்டும், பேண்டு வாத்தியம் வேண்டும், பேப்பரில் போட்டோவோடு விளம்பரம் வேண்டும் என்றான். அக்காவுக்கு எரிச்சல். "அப்பாவுக்கு அண்ணன் பண்ணினதை இவன் அம்மாவுக்குப் பண்ணப் போறான்" என்றாள். என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. "ஆசைப் பக்கத்துல எழுதிக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். "எழுதிக்குங்க" என்றான். 38,000 ஆயிற்று. அது அவன் பணம், அவன் அம்மா. தூரத்தில் இருந்தவனுக்கு அது வேண்டியிருந்தது.

பதினாறாம் நாளைப் பதினோராம் நாளாக்கியதற்கு மாமாமார்கள் முணுமுணுத்தார்கள். தம்பிக்கு லீவு அவ்வளவுதான். முணுமுணுத்தவர்களும் வந்து சாப்பிட்டுத்தான் போனார்கள்.

மொய் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நிறைய வீடுகளில் கணக்கு இங்கேதான் உடைகிறது. கருமாதிக்கு வருகிற மொய் யாருடையது? வீட்டில் இருக்கும் பிள்ளை எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம், திருப்பிச் செய்யப் போகிறவன் அவன்தான் என்பதால். மற்றவர்கள் அதை, செலவை எங்கள் தலையில் கட்டிவிட்டு வரவை இவன் அமுக்கிவிட்டான் என்று பார்க்கிறார்கள். நாங்கள் செய்தது இது. சம்பந்தி வீட்டார் அவரவர் மாப்பிள்ளைக்குக் கட்டிய உருமா, எடுத்த துணி, வைத்த பணம் அவரவருக்கு. அது கணக்கிலேயே வராது. ஊரும் உறவும் எழுதிய மொய் மட்டும் பொதுவில் வரவு. ஆனால் மொய் நோட்டை நாலு பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். மொய் வருமானம் அல்ல, வட்டியில்லாக் கடன். எந்த வீட்டுக்கு யார் போய்த் திருப்பிச் செய்வது என்று பெயருக்கு எதிரே அன்றைக்கே குறித்துக்கொண்டோம்.

பதினோராம் நாள் சாயங்காலம், வந்தவர்கள் போன பிறகு, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். வீட்டு மருமகள்கள், மாப்பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். இவர்களைத் தவிர்த்துவிட்டுக் கணக்குப் பார்த்தால், அது ராத்திரி படுக்கையறையில் மறுபடியும் பார்க்கப்படும். தங்கை நோட்டை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். அடக்கம் வரைக்கும் 56,000. அதற்குப் பிறகு கருமாதி வரைக்கும் 80,000. இதில் சாப்பாடு மட்டும் 350 பேருக்கு 42,000. மொத்தம் 1,36,000. மொய் வரவு 24,000. அம்மா பெயரில் தங்கையையும் சேர்த்துப் போட்டு வைத்திருந்த டெபாசிட் 40,000. இரண்டையும் கழித்தால் 72,000. ஆளுக்கு 18,000.

அந்த டெபாசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இருவரில் ஒருவர் என்று போட்டிருந்ததால், இறப்புச் சான்றிதழ் காட்டித் தங்கை தன் பெயரிலேயே எடுத்துக்கொள்ளலாம். அவள் நினைத்திருந்தால் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். நோட்டில் வரவாக எழுதியது அவள்தான். கூட்டுக் கணக்கில் பெயர் இருப்பவர், நாமினியாக இருப்பவர், எல்லாம் மற்ற வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. எவ்வளவு சொன்னாலும் கவுண்டருக்கு எதிரே நின்ற பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதைவிட ஒன்று செய்வார்கள். அப்பா இறந்த அன்று சாயங்காலமே அவருடைய ஏடிஎம் கார்டைக் கொண்டுபோய், செலவுக்கு என்று பணம் எடுப்பார்கள். செலவுக்குத்தான் எடுத்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து பாஸ்புத்தகத்தில் தேதியைப் பார்க்கிற தங்கைக்கோ தம்பிக்கோ அது திருட்டாகத்தான் தெரியும். பென்ஷன் பணமாக இருந்தால் வங்கியும் திருப்பிக் கேட்கும். என் கிளையில் இரண்டு அண்ணன் தம்பிகள் இதற்காக என் மேஜைக்கு முன்னாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கூடத்துக்கு வருகிறேன். ஆளுக்குப் பதினெட்டாயிரம் என்று அத்தான் சொன்னதும் தம்பி, "அக்கா போட வேண்டாம். மூணு வருஷம் அம்மாவை வச்சுப் பார்த்துது. நானும் அண்ணனும் பார்த்துக்கிறோம்" என்றான். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நியாயமான பேச்சு. தங்கை வீட்டுக்காரருக்கு அந்தச் சமயம் உடம்பு சரியில்லை, கடையும் சரியாக ஓடவில்லை.

தங்கை நோட்டை மூடினாள். "அம்மாவப் பார்த்ததுக்குக் காசு கணக்குல கழிக்காதே. எம் பேரு இந்த நோட்டுல இருக்கணும்" என்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவள் ஏற்கெனவே 12,000 போட்டிருந்தாள். நானும் தம்பியும் கையில் இருந்ததால் ஆளுக்கு 40,000 போட்டிருந்தோம், அக்கா 20,000. டெபாசிட் வந்த பிறகு எனக்கும் தம்பிக்கும் 22,000 திரும்பியது, அக்காவுக்கு 2,000. தங்கை இன்னும் 6,000 கொண்டுவந்து அத்தான் கையில் கொடுத்தாள். அத்தான் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பார்த்துக்கொண்டவர்களின் உழைப்பை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதை மறந்துவிடக் கூடாது, ஆனால் சாவுச் செலவில் கழிக்கவும் கூடாது என்பது என் கட்சி. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால், அம்மாவைக் குளிப்பாட்டியதற்கு நாளைக்கு எவ்வளவு என்று பேரம் தொடங்கிவிடும். முப்பது நாள் கழித்து, அம்மாவின் இரண்டு வளையலையும் சங்கிலியையும் தங்கையே வைத்துக்கொள்ளட்டும் என்று பேசினோம். அக்காவுக்கு அந்தச் சங்கிலி மேல் ஒரு கண் இருந்தது எனக்குத் தெரியும். "சரி" என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். முடிந்தது, அவ்வளவுதான்.

தம்பியின் அந்தப் பழைய பதின்மூன்றாயிரத்தை அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். "அது உன் கடன் இல்லடா, என் ஆசைப் பக்கம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பல்லக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

இப்போது எனக்கு எழுபத்தி நாலு. மகன் பெங்களூரில், மகள் திருவாரூரில். பீரோவில் ஒரு கவர் வைத்திருக்கிறேன். அதில் என் செலவுக்கென்று போட்ட டெபாசிட் ரசீது, அதில் மகன், மகள் இரண்டு பேர் பெயரும் உண்டு. நகராட்சி எரிவாயு தகன மேடையே போதும், பேண்டு வேண்டாம், யார் வர முடியாவிட்டாலும் ஒரு நாளுக்கு மேல் பெட்டியில் வைக்க வேண்டாம், மகள் கொள்ளி வைத்தாலும் எனக்குச் சம்மதம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வீட்டில் இறந்தால் டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்க மறக்காதீர்கள், 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள் என்றும். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். மகன் "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்" என்று எழுந்து போகப் பார்த்தான். மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

என் மனைவிதான் முழுவதும் கேட்டுவிட்டு ஆட்சேபம் சொன்னாள். கருமாதிக்கு எளிமையாக, சாம்பார் ரசத்தோடு போதும் என்று எழுதியிருந்தேன். "வடை பாயசம் இல்லாம பதினாறா? ஊரு என்ன சொல்லும்?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.